புதிய பேக் ஆபீஸ் ஆட்களுக்கு ஒரு பக்கச் சொல் தாள்

கேள்வி: எங்கள் ஷேர் புரோக்கிங் கிளையில் பேக் ஆபீஸுக்கு இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். மார்க்கெட் வார்த்தைகளுக்கு ஒரே பக்கத்தில் விளக்கம் எழுதித் தரச் சொல்கிறார் மேனேஜர். எந்த வார்த்தைகளைப் போடுவது, எதை விடுவது?

பதில்:

நான் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிளையில் பேக் ஆபீஸ் பார்க்கிறேன். தென்னந்தோப்புக்காரர்களும் ரிட்டையர்டு ஆசிரியர்களும்தான் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதி. பாதிப் பேச்சு தமிழில், மீதி மலையாளத்தில்.

நான் சேர்ந்தபோது முன்பு வேலை பார்த்த இடத்திலும் ஒரு தாள் கொடுத்தார்கள். அகரவரிசையில் அறுபது வார்த்தைகள். புல், பேர், புளூசிப் என்று பேக் ஆபீஸுக்கு ஒரு நாளும் தேவைப்படாதவை எல்லாம் அதில் இருந்தன. முழுதும் மனப்பாடம் செய்தும், முதல் வாரமே கவுன்ட்டரில் நின்றவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இப்போது நான் எழுதிக் கொடுக்கும் தாளில் பதினைந்து வார்த்தைக்கு மேல் போவதில்லை. அகரவரிசையும் கிடையாது. ஒரு பங்கை வாங்கி விற்றால் எந்த வார்த்தை எப்போது வருமோ அந்த வரிசை.

முதலில் டெபிட், கிரெடிட். பி.காம் படித்தவர்களே இதில்தான் தடுமாறுகிறார்கள். வாடிக்கையாளர் லெட்ஜரில் கிரெடிட் இருந்தால், நாம் அவருக்குத் தர வேண்டிய பணம். டெபிட் இருந்தால் அவர் நமக்குத் தர வேண்டியது. எங்கள் ஊரில் விளக்குவது சுலபம்: மளிகைக் கடைப் பற்று என்றாலே எல்லாருக்கும் புரியும். டெபிட் என்பது பற்று, அவ்வளவுதான்.

அடுத்தது பே-இன், பே-அவுட். 'பே' என்று இருப்பதால் பணம் மட்டும்தான் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பங்குக்கும் பே-இன் உண்டு. என் தாளில் இப்படி இருக்கும்: "பே-இன்: வாங்கியவர் பணத்தையும் விற்றவர் பங்கையும், இரு தரப்புக்கும் நடுவில் நின்று கணக்கு முடிக்கும் கிளியரிங் கார்ப்பரேஷனிடம் சேர்ப்பது. பே-அவுட்: அங்கிருந்து வாங்கியவருக்குப் பங்கும் விற்றவருக்குப் பணமும் வருவது." இதோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பே-இன் முற்பகலில், பே-அவுட் மதியத்துக்கு மேல். பின்னால் வரும் தகராறு முழுவதும் இந்தச் சில மணி நேர இடைவெளியில்தான் பிறக்கிறது.

பிறகு டி+1. டி என்பது வியாபாரம் நடந்த நாள். 2023 ஜனவரி 27 முதல் இங்கே எல்லாப் பங்குகளுக்கும் அடுத்த வேலை நாளிலேயே செட்டில்மென்ட். பழைய தாள் எதையாவது பார்த்து எழுதுகிறீர்கள் என்றால் அதில் டி+2 என்று இருக்கும், அடித்துவிடுங்கள். டிவிடெண்டு யாருக்கு என்று முடிவு செய்யும் நாள் ரெக்கார்ட் டேட், அன்று முதல் வாங்குபவருக்கு அது கிடைக்காது என்ற நாள் எக்ஸ் டேட். எக்ஸ் டேட்டுக்கு மறுநாள் ரெக்கார்ட் டேட் என்றும் அதில் இருக்கும். இப்போது பொதுவாக இரண்டும் ஒரே நாள்.

சரி, தாளில் பாதி இடத்தை எதற்குக் கொடுப்பது? 'ஷார்ட்' என்ற ஒரே வார்த்தைக்கு. அதற்கு மூன்று அர்த்தம் உண்டு. டீலர் "ஷார்ட் போயிருக்கார்" என்றால் கையில் இல்லாததை விற்றிருக்கிறார். ரிஸ்க் டீமிலிருந்து "ஷார்ட்" என்று மெயில் வந்தால் வியாபாரத்துக்காக வைக்க வேண்டிய மார்ஜின் பணம் போதவில்லை. பேக் ஆபீஸில் ஷார்ட் என்றால் பே-இன் நேரத்துக்குள் பங்கு போய்ச் சேரவில்லை, அதாவது ஷார்ட் டெலிவரி. மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

ஷார்ட் டெலிவரியை விளக்கத்தால் புரியவைக்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் ஒரு மாஷ், பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேஸை ரவுண்டு எண்களாக்கித் தாளின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறேன் (ஒரு பக்கம் என்றுதான் சொன்னார்கள், இருந்தாலும்).

திங்கட்கிழமை 100 பங்கு, 250 ரூபாய் வீதம் வாங்கினார். 25,000 டெபிட். செவ்வாய் காலை விலை ஏறியதும், பங்கு கணக்குக்கு வரும் முன்னே 256-க்கு விற்றுவிட்டார். 25,600 கிரெடிட். இன்று வாங்கி நாளை விற்பது, பிடிஎஸ்டி. இது சட்டப்படி சரிதான்.

ஆனால் திங்கட்கிழமை அவருக்கு விற்ற யாரோ ஒருவர் செவ்வாய் பே-இன்னில் பங்கைத் தரவில்லை. அந்த 100 பங்குக்கு எக்ஸ்சேஞ்ச் செவ்வாயே ஏலம் நடத்தும். ஏலத்தில் கிடைத்த பங்கு மாஷுக்குப் புதன்கிழமை பே-அவுட்டில்தான் வரும். மாஷோ தான் விற்றதைப் புதன் முற்பகலுக்குள் கொடுத்தாக வேண்டும். கையில் இல்லை. ஆக, இப்போது அவரே ஷார்ட். புதன்கிழமை அவர் பெயரில் இன்னொரு ஏலம், அதில் விலை 268. லெட்ஜரில் 26,800 டெபிட்.

வியாழக்கிழமை ஸ்டேட்மென்ட்டோடு வந்து நின்றார். "நான் என்ன தப்பு பண்ணினேன் மோனே? 600 ரூபா லாபம்னு வித்தேன், 1,200 ரூபா பைன் போட்டிருக்கீங்களே?" கவுன்ட்டரில் இருந்த புதுப் பையன், "ஏல அபராதம் மாஷே" என்று மட்டும் சொன்னான். அவர் குரல் உயர்ந்தது. பையன் சொன்னதும் முழுச் சரி இல்லை. 26,800 என்பது அபராதம் அல்ல, அவர் தர வேண்டிய பங்கை அவருக்காக வாங்கிக் கொடுத்த விலை. விற்ற பணம் 25,600 போக மீதி 1,200. ஏலத்துக்கான கட்டணம் இதற்கு மேல் தனி.

அதைவிடப் பெரிய விஷயத்தைப் பையன் பார்க்கவே இல்லை. முதல் ஏலத்தில் வாங்கிய 100 பங்கு புதன்கிழமை மாஷின் டீமேட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் அதை விற்றுப்போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தரகும் வரியும் விட்டுவிட்டுக் கூட்டினால் நிகர டெபிட் 26,200, கையில் 100 பங்கு. ஒரு பங்கு 262 ரூபாய்க்கு நிற்கிறது. ஹோல்டிங்கைக் காட்டியதும் அவருக்கு மூச்சு வந்தது.

முதல் ஏலத்தில் விற்க ஆளே வராமல் போனால் கதை வேறு. அதுதான் க்ளோஸ் அவுட். பங்குக்குப் பதில் பணம் வரும். வியாபார நாள் முதல் ஏல நாள் வரை வந்த உச்ச விலை, அல்லது ஏல நாள் முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. அப்போது டீமேட்டில் பங்கு இருக்காது, லெட்ஜரில் கிரெடிட் இருக்கும். அதனால் 'ஏலம்' என்ற வார்த்தைக்கு எதிரே ஒரு வேலையையும் எழுதிவிடுகிறேன்: "லெட்ஜரை மட்டும் பார்த்துப் பதில் சொல்லாதே. ஹோல்டிங்கைத் திற. ஏலத்துக்குத் தனி செட்டில்மென்ட் எண் இருக்கும், அதை வைத்துத் தேடு."

இன்டர்னல் ஷார்ட்டேஜுக்கும் ஒரு வரி வேண்டும். வாங்கியவரும் விற்றவரும் ஒரே புரோக்கரின் ஆட்கள் என்றால் கணக்கு உள்ளேயே கழிந்துவிடும், எக்ஸ்சேஞ்சின் பற்றாக்குறைப் பட்டியலில் அது தெரியாது. முன்பு ஒவ்வொரு புரோக்கரும் தனக்கென ஒரு விதி வைத்திருந்தார்கள். 2024-ல் செபி விட்ட சுற்றறிக்கைப்படி இதுவும் கிளியரிங் கார்ப்பரேஷன் சொல்லும் ஏல முறையில்தான் தீர வேண்டும், அங்கே வாங்கும் கட்டணத்துக்கு மேல் வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது.

மிச்ச வார்த்தைகளுக்கு ஆளுக்கு ஒரு வரி போதும்: வியாபார விவரச் சீட்டான கான்ட்ராக்ட் நோட், வாடிக்கையாளரின் எண்ணான யுசிசி, பங்கின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன், விற்ற பங்கை டீமேட்டிலிருந்து எடுக்க வாடிக்கையாளர் எழுதித் தரும் அனுமதியான டிடிபிஐ. செட்டில்மென்ட் ஹாலிடேயையும் விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் 1 போல மார்க்கெட் திறந்திருந்து வங்கிக் கணக்கு முடிப்புக்காகச் செட்டில்மென்ட் நடக்காத நாளில், "நேத்து வாங்கினது ஏன் வரலை" என்று காலையிலிருந்தே போன் அடிக்கும்.