குடோன் தீ விபத்து: சர்வேயருக்குப் பிறகு இன்வெஸ்டிகேட்டர் ஏன்?

"மாசி வீதி ஜவுளிக் குடோன்ல ராத்திரி தீ. இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் பார்த்துட்டுப் போயிட்டார். இப்ப இன்வெஸ்டிகேட்டர் வர்றாராம். எங்களைச் சந்தேகப்படுறாங்களா?"

அப்படியே முடிவு கட்டாதீங்கண்ணே. சர்வேயர் நஷ்டத்தை மதிப்பிடுறவர். இன்வெஸ்டிகேட்டர், தீ எப்படி வந்துச்சு, நீங்க சொல்ற சரக்கு நெசமாவே உள்ளே இருந்துச்சான்னு பார்க்கிறவர். பாலிசி புதுசா இருந்தாலோ, ஆளில்லாத நேரத்துல தீப்பிடிச்சாலோ அனுப்புறது வழக்கம்தான்.

கடைசியாப் பூட்டினது யார், மெயினை அணைச்சீங்களா, கடன் நெருக்கடி உண்டான்னு கேப்பார். தீயணைப்புத் துறை அறிக்கை, போலீஸ் புகார் நகல், கொள்முதல் பில், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் எடுத்து வைங்க.

நம்ம வியாபாரிங்க மாட்டுறது பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்லதான். உதாரணமா, வருஷ ஆரம்ப இருப்பு 8 லட்சம், கொள்முதல் 20 லட்சம், வித்த சரக்கோட அடக்கவிலை 18 லட்சம்னா, உள்ளே 10 லட்சம் சரக்குதான் இருந்திருக்கணும். கடன் வரம்புக்காக பேங்குல 16 லட்சம்னு காட்டியிருந்தா, அந்த 6 லட்சத்தைத் துருவித் துருவிக் கேப்பார். அதையும் எரிஞ்சதா கிளைம்ல சேர்த்தா, பொய்க் கணக்குன்னு சொல்லி மொத்தத்தையும் மறுக்க இடமிருக்கு.

பில்லும் எரிஞ்சுபோச்சுன்னா, சரக்கு அனுப்பின ஈரோடு, சூரத் பார்ட்டிகள்கிட்ட லெட்ஜர் நகல் வாங்குங்க. வாக்குமூலத்தைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. நகல் கேட்டு வாங்கிக்கங்க.