புரோமோஈத்தேனில் புரோமின் இருந்த இடத்துக்கு ஹைட்ராக்சைடு வருவது எப்படி?

கேள்வி: புரோமோஈத்தேனுடன் NaOH கரைசல் சேர்த்தால் எத்தனால் கிடைக்கும் என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் OH⁻ எப்படிப் புரோமினை வெளியே தள்ளுகிறது? கருக்கவர் பொருள் என்பது என்ன?

ஹைட்ராக்சைடு புரோமினைத் தாக்குவதில்லை. அது தாக்குவது கார்பனை.

புரோமின் கார்பனைவிட எலக்ட்ரான் கவர்தன்மை மிகுந்தது என்பதால், C–Br பிணைப்பிலுள்ள இரண்டு எலக்ட்ரான்களும் புரோமின் பக்கம் சற்றே சாய்ந்திருக்க, கார்பனின்மீது பகுதி நேர்மின்சுமை தோன்றுகிறது. இப்படி எலக்ட்ரான் குறைந்து நிற்கும் அணுவுக்குத் தன்னிடமுள்ள தனித்த எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்துப் புதிய பிணைப்பை உண்டாக்குவதே கருக்கவர் பொருள். அதற்கு எதிர்மின்சுமை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அம்மோனியாவும் நீரும்கூடக் கருக்கவர் பொருள்களே. ஆனால் நீர் OH⁻ அயனியைவிட மிக மெதுவாகவே வினைபுரியும்.

CH₃CH₂Br + OH⁻ → CH₃CH₂OH + Br⁻

OH⁻ அயனி, புரோமின் இருக்கும் திசைக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து கார்பனை நெருங்குகிறது. O–C பிணைப்பு உருவாக உருவாக C–Br பிணைப்பு தளர்ந்துகொண்டே போய், இறுதியில் அந்தப் பிணைப்பின் இரு எலக்ட்ரான்களையும் எடுத்துக்கொண்டு புரோமின் Br⁻ ஆக விலகுகிறது. இரண்டும் ஒரே படியில் நிகழ்கின்றன. அந்தப் படியில் இரு துகள்கள் பங்கேற்பதைத்தான் இந்த வழிமுறையின் பெயரான SN2 என்பதிலுள்ள 2 குறிக்கிறது. வழிமுறையை வரையும்போது வளைந்த அம்புக்குறி ஆக்சிஜனின் எலக்ட்ரான் இரட்டையில் தொடங்கிக் கார்பனில் முடிய வேண்டும். பலர் அதைக் கார்பனிலிருந்து தொடங்கி மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

கார்பனின் நேர்மின்சுமைதான் காரணம் என்றால், ஃபுளூரோஈத்தேன் அல்லவா மிக வேகமாக வினைபுரிய வேண்டும்? உண்மையில் அதுவே மிக மெதுவானது, அயோடோஈத்தேனே வேகமானது. C–F பிணைப்பு மிக வலிமையானது, C–I வலிமை குறைந்தது. இங்கே பிணைப்பின் வலிமையே முடிவு செய்கிறது.

ஆய்வகத்தில் வேறு சிக்கல்கள் உண்டு. புரோமோஈத்தேன் சுமார் 38 °C-இலேயே கொதித்துவிடும். நீரிலும் எளிதில் கலக்காது. அதனால் ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி குளிர்விப்பானைப் பொருத்தி, சிறிது எத்தனாலும் சேர்த்து மிதமாகச் சூடாக்குவார்கள். நீரைத் தவிர்த்து, எத்தனாலில் கரைத்த அடர் காரத்துடன் நன்கு சூடாக்கினால், OH⁻ காரமாகச் செயல்பட்டு ஹைட்ரஜனைப் பறிக்கும் நீக்க வினை போட்டிக்கு வந்து, ஈத்தீனும் உருவாகத் தொடங்கும்.

புரோமைடு வெளியேறியதை வெள்ளி நைட்ரேட்டால் அறியலாம். கல்லூரியில் முதன்முறை இதைச் செய்தபோது எனக்குக் கிடைத்தது பழுப்பு வீழ்படிவு. மிச்சமிருந்த காரத்தை முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் நடுநிலையாக்க மறந்திருந்தேன்; நான் பார்த்தது வெள்ளி ஆக்சைடு. மறுமுறை அமிலம் சேர்த்த பிறகு வெள்ளி நைட்ரேட்டை விட்டதும், வெளிர்மஞ்சள் நிற வெள்ளி புரோமைடு படிந்தது.