குழந்தை பிறப்பது ஜூனில், படிவத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30

கேள்வி: சிங்கப்பூரில் எம்பிளாய்மென்ட் பாஸில் வேலை பார்க்கிறேன். மனைவி டிபென்டன்ட் பாஸில் வந்து எட்டு மாதம் ஆகிறது; இதுவரை அவரை கம்பெனி இன்ஷூரன்ஸில் சேர்க்கவில்லை. ஜூன் முதல் வாரம் பிரசவம். பிரசவத்துக்கு அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார். இப்போது எச்ஆர் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது: குடும்பத்தாரைச் சேர்க்க ஏப்ரல் 30 கடைசி நாள், புது பாலிசி மே 1 முதல், வரம்பு "பெர் டிசபிலிட்டி 20,000 வெள்ளி", அரசு மருத்துவமனையில் நான்கு பேர் அறை. பிறக்காத குழந்தையை எப்படிச் சேர்ப்பது? அம்மாவைச் சேர்க்கலாமா? இந்த 20,000 வருஷத்துக்கா, ஒரு தடவைக்கா?

பதில்: மனைவியின் பெயரை இன்றே கொடுத்துவிடுங்கள். அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் அவருக்குக் கிடையாது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவும் உங்கள் இருவருக்குமே இல்லை. வெளிநாட்டவர் என்பதால் அரசு மருத்துவமனையில் மானியமும் இல்லை. ஆக, உங்கள் வீட்டுக்கு இந்த ஒரு பாலிசிதான் கையிருப்பு.

உங்களுக்கே கம்பெனி இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்குத்தான் முதலாளி வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். எம்பிளாய்மென்ட் பாஸுக்கு அது பொருந்தாது. கம்பெனி தானாகக் கொடுப்பதுதான். அதனால் மனிதவள அமைச்சின் விதியைக் காட்டி எச்ஆரிடம் வாதாட முடியாது. பாலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

மனைவியை வந்த உடனே சேர்த்திருக்க வேண்டும். கம்பெனிகள் ஊழியர்களுக்காக எடுக்கும் குழுக் காப்புறுதிகளில் பொதுவாக வேலையில் சேர்ந்தோ, கல்யாணம் ஆகியோ, குடும்பம் இங்கே வந்தோ 30 நாளுக்குள் பெயர் கொடுக்கவேண்டும். தவறினால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்கணும், இல்லாவிட்டால் மருத்துவக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக் காப்புறுதி நிறுவனம் சம்மதிக்கும்வரை காத்திருக்கணும். உங்களுக்கு இப்போது புதுப்பிப்பு வந்திருப்பது நல்லதாய்ப் போயிற்று. ஆனால் எச்ஆரிடம் எழுத்தில் ஒன்று கேளுங்கள்: ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 12 மாதக் காத்திருப்பு உண்டா? பெரிய கம்பெனிகளின் பாலிசியில் அதைத் தளர்த்திவிடுவதுண்டு. சிறியவற்றில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிரசவச் செலவை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள். தனியாக மகப்பேறு பயன் என்று அட்டவணையில் ஒரு வரி இல்லாவிட்டால் சாதாரணப் பிரசவமும் சிசேரியனும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

இனி குழந்தை. பிறக்காத குழந்தைக்குப் படிவத்தில் இடமில்லை. ஏப்ரல் 30 அதற்குப் பொருந்தவும் செய்யாது. பிறந்த நாளிலிருந்து தனியாக ஒரு 30 நாள் ஓடும். உங்கள் சுற்றறிக்கையில் இது கடைசிப் பக்கத்திலோ, சிறு எழுத்தில் 'மிட்-டேர்ம் அடிஷன்', அதாவது இடையில் பெயர் சேர்ப்பது, என்ற தலைப்பிலோ இருக்கும், தேடிப் பாருங்கள். பலர் தடுமாறி விழும் இடம் இதுதான், அதனால் தேதிகளோடு சொல்கிறேன்.

குழந்தை ஜூன் 5 பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழுப் பாலிசிகள் பெரும்பாலானவை குழந்தைக்கு 15 நாள் ஆன பிறகுதான் பாதுகாப்பைத் தொடங்குகின்றன. சிலவற்றில் குழந்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கவும் வேண்டும். அதாவது ஜூன் 20 வரை குழந்தைக்கு வரும் செலவு உங்கள் கையிலிருந்து. பிறந்த முதல் வாரத்தில் மஞ்சள் காமாலைக்கு ஒளி சிகிச்சை என்று இரண்டு நாள் படுக்க வைப்பது இங்கே சர்வசாதாரணம். அந்த பில் பாலிசிக்குள் வராது. பிரசவத்துக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

30 நாள் கெடு ஜூலை 5-ல் முடிகிறது. எச்ஆர் படிவத்தில் 'ஃபின் எண்' என்று வெளிநாட்டவர் அடையாள எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கும். குழந்தைக்கு அந்த எண் டிபென்டன்ட் பாஸ் வழியாகத்தான் வரும். பாஸுக்கு விண்ணப்பிக்கக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு முன்னால் பிறப்புப் பதிவு. பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது. இங்கே பிறந்த வெளிநாட்டுக் குழந்தைக்குத் தங்கும் பாஸ் வாங்கவும் அதே 42 நாள்தான். அது ஜூலை 17. நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் எண் கைக்கு வருவதற்குள் ஜூலை 5 கடந்துவிட வாய்ப்புண்டு.

என் மூத்தவனுக்கு அப்படித்தான் ஆயிற்று. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் படிவத்தை முழுசாக நிரப்பித்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, எண் வரட்டும் என்று வைத்திருந்தேன். வந்தபோது 34-வது நாள். நாலு நாள் தாமதத்துக்கு அடுத்த புதுப்பிப்புவரை பதினோரு மாதம் பையன் பாலிசிக்கு வெளியே இருந்தான். எச்ஆரில் இருந்த பெண் பிறகு சாதாரணமாகச் சொன்னார், "பர்த் சர்டிபிகேட் நம்பரைப் போட்டு அனுப்பியிருக்கலாமே அண்ணே". ஆகவே நீங்கள் பிறப்பைப் பதிந்த அன்றே, டிஜிட்டல் சான்றிதழ் வந்ததும், ஃபின் கட்டத்தில் 'பின்னர் தரப்படும்' என்று எழுதிச் சான்றிதழ் எண்ணோடு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஃபின் வந்ததும் இன்னொரு மின்னஞ்சல். முதல் மின்னஞ்சலின் தேதிதான் உங்களைக் காப்பாற்றும். "போன்ல சொல்லிட்டேன்" என்பது காப்பாற்றாது.

அம்மாவைச் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காது. டிபென்டன்ட் என்றால் குழுப் பாலிசிகளில் சட்டப்படி மணந்த கணவன் அல்லது மனைவி, கல்யாணமாகாத, வேலைக்குப் போகாத பிள்ளைகள். பிள்ளைகளுக்கும் வயது உச்சவரம்பு உண்டு, முழுநேர மாணவராக இருந்தால் அது கொஞ்சம் கூடும். பெற்றோர் அபூர்வம். அம்மா வருகையாளராகத்தான் வருகிறார் என்றால், ஊரிலேயே பயண மருத்துவக் காப்புறுதி எடுத்துக்கொண்டு விமானம் ஏறச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

சரி, அந்த 20,000. வருஷத்துக்கும் இல்லை, ஒரு தடவைக்கும் இல்லை. 'டிசபிலிட்டி' என்றால் இங்கே ஊனம் என்று அர்த்தம் இல்லை. ஒரே காரணத்தால் வரும் நோய் அல்லது காயம் அத்தனையும் சேர்ந்து ஒரு டிசபிலிட்டி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அக்டோபரில் உங்கள் மனைவிக்குப் பித்தப்பைக் கல் வலி. மூன்று நாள் அனுமதி, 8,200 வெள்ளி. வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் மறுபடி வலி. இந்த முறை அறுவை சிகிச்சை, 14,500. இரண்டும் ஒரே காரணம், அதனால் 22,700-ம் ஒரே 20,000-க்குள் அடங்க வேண்டும். 2,700 உங்கள் தலையில். பல பாலிசிகளில் கடைசியாக வீடு திரும்பி 14 நாள் கழிந்தால், மறுபடி வரும் அதே நோயைப் புதிதாக எண்ணி 20,000-ஐ முதலிலிருந்து தொடங்குவார்கள். அதற்காக வலியைப் பொறுத்துக்கொண்டு பதினாலாம் நாளை எண்ணச் சொல்லவில்லை. ஆனால் டாக்டரே அறுவை சிகிச்சையை மூன்று வாரம் கழித்துக் குறிக்கலாம் என்று சொன்னால், எந்தத் தேதி என்று பேசும்போது இதையும் நினைவில் வையுங்கள். நடுவில் டாக்டரைப் பார்க்கப் போனால் அந்த 14 நாள் எப்படி எண்ணப்படும் என்பதையும் எச்ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பாலிசிக்குப் பாலிசி வாசகம் மாறும்.

'நான்கு பேர் அறை' என்ற வரியும் சின்ன வரி இல்லை. தனி அறை எடுத்தால் அறை வாடகையின் வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பார்கள். பல பாலிசிகளில் முழு பில்லையும் ஒரு விகிதத்தால் குறைப்பார்கள். அட்டவணையில் 65 சதவீதம் என்று இருந்தால் 10,000 வெள்ளி பில்லுக்கு 6,500-தான் கணக்கில் வரும். மீதி 3,500 நீங்கள். சிறப்பு மருத்துவரின் கட்டணமும் ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் இதில் சேர்ந்தே குறையும். குழந்தையோடு தங்க வசதி என்று கடைசி நேரத்தில் தனி அறை கேட்குமுன் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பணம் கோருவதில் இரண்டு வழி. முன்கூட்டியே தெரிந்த அனுமதி என்றால் எச்ஆர் வழியாக 'எல்ஓஜி' என்ற உத்தரவாதக் கடிதம் வாங்குங்கள். ஒரு வாரம் முன்பே கேட்டால் தொல்லையில்லை. அது இருந்தால் மருத்துவமனை உங்களிடம் கேட்கும் முன்பணம் குறையும் அல்லது இல்லாமலே போகும். அவசரத்தில் போய்ப் படுத்தால் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கோர வேண்டும். அப்போது கோரிக்கை அதிகம் திரும்பி வருவது இரண்டு காரணங்களால். ஒன்று, டிஸ்சார்ஜ் அன்று தரும் இடைக்கால பில்லை அனுப்புவது. காப்புறுதி நிறுவனத்துக்கு வேண்டியது சில வாரம் கழித்து வரும் இறுதி பில்லும் டிஸ்சார்ஜ் சுருக்கமும். கோரிக்கைக்கு 30 நாள் கெடு என்றால், அதற்குள் இறுதி பில் வராவிட்டாலும் இருப்பதை வைத்து அனுப்பி, 'இறுதி பில் பின்னால் வரும்' என்று எழுதிவிடுங்கள். இரண்டாவது, சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் இல்லாதது. பேட்டை மருந்தகத்திலோ பலதுறை மருந்தகத்திலோ வாங்கும் அந்தக் கடிதத்தின் தேதி, சிறப்பு மருத்துவரைப் பார்த்த தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பிறகு போய் வாங்கிய கடிதத்தை ஏற்க மாட்டார்கள்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் பாலிசியின் உரிமையாளர் கம்பெனிதான் என்பதால், முதலில் எச்ஆர் வழியாகக் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் தரகரிடம் போங்கள், எந்தப் பிரிவின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தரகருக்குப் பாலிசியின் முழு வாசகம் கைவசம் இருக்கும். உங்களுக்கு வந்த சுற்றறிக்கை அதன் சுருக்கம் மட்டுமே.