வீல்சேர் பையனும் கிரச்சஸ் பொண்ணும் ரிலேல சேரணும்னா

கேள்வி: சார், என் அஞ்சாம் கிளாஸ்ல ஒரு பையன் வீல்சேர்ல வர்றான், ஒரு பொண்ணு கிரச்சஸ்ல வருது. ரிலே, பந்து எறியுறதுன்னா ரெண்டு பேரையும் ஸ்கோர் எழுத உக்கார வச்சிடறேன். சமமா சேர்த்துக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு. எல்லாருக்கும் ஒரே தூரம் வைக்காம ஒரே நேரம் வைங்க. மண் கிரவுண்ட்ல வேண்டாம், வீல்சேரோட முன்சக்கரம் சின்னது, மண்ல புதைஞ்சு நின்னுரும், அதனால சிமெண்ட் தரைக்கு வாங்க. விசில் ஊதி 6 செகண்ட்ல ஒவ்வொருத்தரும் எவ்ளோ தூரம் போறாங்கன்னு சாக்பீஸ்ல கோடு போடுங்க. உதாரணத்துக்கு, ஓடுற பசங்க 24 மீட்டர், வீல்சேர் பையன் 12, கிரச்சஸ் பொண்ணு 7 மீட்டர் வந்தா அதுதான் அவங்கவங்க ரிலே தூரம். போயிட்டு திரும்பி வர்றதா வைக்காதீங்க, வீல்சேரை திருப்பவே பாதி நேரம் போயிடும். ஒரே நேர்கோடு, ஒருத்தர் முடிக்கிற கோட்டுல அடுத்தவர் நிக்கணும். ரெண்டு டீம்லயும் மொத்த நேரம் ஏறக்குறைய ஒண்ணா வருதான்னு ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கோங்க.

பேட்டன் வேண்டவே வேண்டாம். ரெண்டு பேருக்குமே ரெண்டு கையும் பிஸி, மடியில வச்சா கீழ விழுந்துரும். வர்றவங்க கோட்டைத் தொட்டதும் அடுத்த ஆள் அவங்க தோளைத் தொட்டுட்டு கிளம்பட்டும், எல்லாருக்கும் அதே ரூல். இன்னொண்ணு, ஆர்வத்துல எவனாவது வீல்சேரை பின்னாடியிருந்து தள்ளுவான் பாருங்க, அதை அவுட்டுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. ஃபுட்ரெஸ்ட் அடுத்த பசங்க கணுக்கால்ல இடிக்கும், பழைய சைக்கிள் ட்யூபை அதுல சுத்தி கட்டிடுங்க. கிரச்சஸ் அடியில இருக்க ரப்பர் தேஞ்சிருந்தாலோ தரை ஈரமா இருந்தாலோ அன்னைக்கு ஓட்டம் கிடையாது.

எறியுறதுக்கு இதைவிட ஈசி, எல்லாரையும் உக்கார வச்சிடுங்க! கைப்பிடி இல்லாத சேர், கொஞ்ச தூரத்துல பழைய சைக்கிள் டயர், அதுக்குள்ள விழணும், பந்துக்குப் பதிலா துணிப்பையில மணல் போட்டு கட்டினா உருண்டு ஓடாது. நின்னு எறியுறவனுக்கு இடுப்பும் காலும் வேகம் குடுக்கும், உக்காந்தா அந்த அட்வான்டேஜ் போயிரும், அதான் விஷயம். வீல்சேர்ல ரெண்டு பக்கமும் பிரேக் போட்டுட்டு சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு செங்கல் வைங்க, இல்லன்னா எறியுற வேகத்துல வண்டி பின்னாடி நகரும். சைடு கைப்பிடி கழட்ற மாதிரி இருந்தா எறியுற பக்கத்தை மட்டும் கழட்டுங்க. கிரச்சஸை யார் காலும் படாத இடத்துல சாய்ச்சு வைங்க.

மாசம் ஒரு தடவை 6 செகண்ட் அளவை திரும்ப எடுங்க, பழக பழக தூரம் கூடும். அந்த ரெண்டு பேர் இருக்க டீமே எப்பவும் ஜெயிச்சாலோ எப்பவும் தோத்தாலோ கோடு தப்பு. எலும்பு சீக்கிரம் ஒடியுற பிரச்சனை, தலையில சேர்ற தண்ணிய வடிக்க உள்ள வைக்கிற ஷன்ட்ங்கிற ட்யூப் மாதிரி ஏதாவது இருக்கான்னு மட்டும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அம்மா அப்பாகிட்ட கேட்டுடுங்க, இருந்தா டாக்டர் சரின்னு சொன்ன அப்புறம்தான்.