நூறு கிராம் அல்வாவில் எத்தனை கலோரி? – கேள்வி பதில்

கேள்வி (பலகாரக் கடை, அம்பாசமுத்திரம்): அல்வா டப்பாவுல கலோரி போடணும்லா, அதை லேப்ல எரிச்சுப் பாத்துத்தான் சொல்லுவாங்களா? நாமளே கணக்குப் போட வழி இருக்கா?

பதில்: பெரும்பாலான லேப்களில் கலோரிக்காக அல்வாவை எரிக்கவே மாட்டார்கள் அண்ணாச்சி. ஈரம், புரதம், கொழுப்பு, சாம்பல் நான்கையும் தனித்தனியாக அளப்பார்கள். நூறு கிராமில் அந்த நான்கையும் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. பிறகு புரதத்தை 4 ஆலும், மாவுச்சத்தை 4 ஆலும், கொழுப்பை 9 ஆலும் பெருக்கிக் கூட்டுவார்கள். டப்பாவில் வருவது அந்தத் தொகைதான். இதில் ஒரு சங்கடம் உண்டு. மாவுச்சத்தை யாரும் நேராக அளக்கவில்லை என்பதால், மற்ற நான்கில் எது பிசகினாலும் அதன் பாரம் மாவுச்சத்தின் தலையில்தான் விழும்.

உங்கள் அடுப்படியிலேயும் போட்டுப் பார்க்கலாம். ஒரு சட்டிக்குச் சீனி 600 கிராம், நெய் 300 கிராம், கோதுமைப் பாலில் இறங்கிய மாவு 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கோதுமையின் எடையைப் போட்டுவிடாதீர்கள். சக்கையைப் பிழிந்து எறிந்துவிடுகிறீர்களே, அது கணக்கில் வராது. கிண்டி முடிக்கும்போது பிரிந்து வரும் நெய்யையும் வடித்து நிறுக்க வேண்டும். அது 60 கிராம் என்றால் அல்வாவில் நின்றது 240.

சீனி 2,400, மாவு 400, நெய் 2,160, ஆகக்கூடி 4,960 கிலோ கலோரி. ஆறிய அல்வாவின் எடை 1,140 கிராம் என்றால் நூறு கிராமுக்கு 435. பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்தக் கடைசி எடையில்தான். அதே சட்டியை இன்னும் கொஞ்சம் இறுகக் கிண்டி 1,080 கிராமில் இறக்கினால் நூறு கிராமுக்கு 459 ஆகிவிடும். சட்டிக்குள் ஒரு கலோரிகூடக் கூடவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. ஆகவே நிறுப்பதை டப்பாவில் அடைக்கும் நேரத்தில் செய்யுங்கள். இந்தக் கணக்கு லேப் ரிப்போர்ட்டைச் சரிபார்க்க உதவும். ரிப்போர்ட்டுக்குப் பதிலாக இதையே அச்சடிக்க வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை): நிலக்கடலையை ஊசில குத்தி எரிச்சு, மேல டின்ல 50 மில்லி தண்ணி வச்சோம். கடலை 0.6 கிராம், தண்ணி 20 டிகிரி ஏறுச்சு. கணக்குப் போட்டா கிராமுக்கு 1.7 கிலோ கலோரிதான் வருது. புத்தகத்துல ஐந்தரைக்கு மேல போட்டிருக்கு. எங்க தப்பு?

பதில்: கணக்கு சரிதான் தம்பி. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றும் சூடு ஒரு கலோரி. 50 கிராமை 20 டிகிரி ஏற்ற 1,000 கலோரி, அதாவது ஒரு கிலோ கலோரி. அதை 0.6 ஆல் வகுத்தால் நீங்கள் சொன்னதுதான். அந்த 1,000 கலோரி தண்ணீருக்குள் போன சூடு மட்டும். கடலை விட்ட சூட்டில் பெரும்பகுதி டின்னைச் சுற்றிக் காற்றோடு போய்விட்டது. டின்னும் கொஞ்சம் குடித்திருக்கும். டின்னின் அடியைத் தடவிப் பாருங்கள், விரலில் கரி ஒட்டும். அது எரியாமல் போன கார்பன். ஊசியில் நிற்கும் கருப்புக் கட்டியும் அப்படித்தான்.

எரிந்து குறைந்த எடையால் வகுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் சரி. முதலில் எரிந்து போவது எண்ணெய், மிஞ்சுவது கரி. இரண்டுக்கும் கிராமுக்கு ஒரே சூடு கிடையாது.

இந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்துக் கட்டிய சாதனம்தான் பாம் கலோரிமீட்டர். கனமான எஃகுப் பாத்திரம். உள்ளே சின்னக் கிண்ணத்தில் ஒரு கிராமுக்குள் மாதிரி. அதைத் தொட்டபடி மெல்லிய கம்பி. மூடியை இறுக்கி, 25 முதல் 30 மடங்கு காற்றழுத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றி, முழுப் பாத்திரத்தையும் இரண்டு லிட்டர் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்கள். கம்பியில் கரண்ட் பாய்ந்ததும் மாதிரி சட்டென்று எரிந்துபோகும், சூடு முழுக்கத் தண்ணீருக்கும் பாத்திரத்துக்கும்தான் போயாக வேண்டும்.

பாத்திரம் எவ்வளவு குடிக்கும் என்று தெரிய, முதலில் பென்சாயிக் அமிலத்தை எரிப்பார்கள். ஒரு கிராமுக்கு 6,318 கலோரி என்பது நிலையான எண். அதில் 2.60 டிகிரி ஏறினால், அந்தச் சாதனத்தில் ஒரு டிகிரிக்கு 2,430 கலோரி என்று அர்த்தம். இனி எதை எரித்தாலும் ஏறிய டிகிரியை 2,430 ஆல் பெருக்கினால் போதும்.

கேள்வி (அதே பலகாரக் கடை): அப்போ நம்ம அல்வாவை அதுல போட்டா அதே 435 வருமா?

பதில்: கிட்டத்தட்ட. ஆனால் அல்வாவை அப்படியே போட்டால் ஈரத்தால் சரியாகப் பற்றாது. பற்றினாலும் நெய் கிண்ணத்துக்கு வெளியே தெறிக்கும். உலர்த்தி, பொடித்து, வில்லையாக அழுத்தித்தான் வைக்க வேண்டும். திறக்கும்போது உள்ளே கரி படிந்திருந்தால் அந்த அளவைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி எரிக்க வேண்டும்.

0.80 கிராம் உலர்ந்த அல்வாவுக்கு 1.77 டிகிரி ஏறுகிறது என்று கொள்வோம். 2,430 ஆல் பெருக்கினால் சுமார் 4,300 கலோரி. கம்பி எரிந்த சூடு ஒரு 15 போக, கிராமுக்கு 5.36 கிலோ கலோரி. உங்கள் 1,140 கிராமில் உலர்ந்த சரக்கு 940, அதாவது நூற்றுக்கு 82.5. எனவே நூறு கிராம் அல்வாவுக்கு 442. சீனியும் நெய்யும் உடம்பில் ஏறக்குறைய முழுதாகச் செரிப்பதால்தான் இரண்டு எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன. பயறு, கடலைக்கு இந்தப் பொருத்தம் இருக்காது.

கேள்வி (தென்காசி): கலோரிங்கறது சூடுதானே? அப்போ மாம்பழம் மாதிரி உடம்புக்குச் சூடு குடுக்கறதுல கலோரி ஜாஸ்தி, இளநியில கம்மின்னு வச்சுக்கலாமா?

பதில்: அது வேறு சூடு. வீட்டில் சொல்லும் சூடும் குளிர்ச்சியும் தெர்மாமீட்டரில் வராது. நெய்யில் மாம்பழத்தைவிடப் பன்மடங்கு கலோரி.

கேள்வி (வள்ளியூர்): வயித்துக்குள்ள என்ன அடுப்பா எரியுது? எரிச்சுப் பாத்துச் சொல்ற கணக்கு மனுசனுக்கு எப்படிப் பொருந்தும்? கலோரியே ஏமாத்து வேலைன்னுதான் நான் சொல்லுவேன்.

பதில்: முதல் பாதி நியாயம். விறகையும் பாம் கலோரிமீட்டரில் போட்டால் கிராமுக்கு நான்கு கிலோ கலோரிக்கு மேல் காட்டும். தின்றால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் எரித்து வந்த எண்ணை யாரும் அப்படியே டப்பாவில் அச்சடிப்பதில்லை.

1890களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்பர் அட்வாட்டர் என்பவர் இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டை எரித்து அளந்தார். சாப்பிட்டவரின் மலத்தையும் சிறுநீரையும் அளந்தார். வந்த கணக்கில் போன கணக்கைக் கழித்தால் உடம்பில் நின்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும். புரதத்தைப் பாருங்கள். எரித்தால் கிராமுக்கு 5.65 கிலோ கலோரி. உடம்போ புரதத்தை முழுக்க எரிப்பதில்லை. யூரியாவாக்கிச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. அதில் 1.25 போகிறது. மிச்சம் 4.4 இல் செரிக்காமல் வெளியேறுவதையும் தள்ளினால் 4. கொழுப்பு 9.4 இலிருந்து 9 ஆனதும் இப்படித்தான். அந்த 4, 9, 4 உடம்பு வழியாகப் போய் வந்த எண்கள், அடுப்பு எண்கள் இல்லை. மனிதரையே ஓர் அறைக்குள் வைத்து அவர் விடும் சூட்டையும் அட்வாட்டர் அளந்திருக்கிறார். சாப்பாட்டுக் கணக்கும் சூட்டுக் கணக்கும் நன்றாகவே பொருந்தின.

உங்கள் சந்தேகம் உண்மையிலேயே பலிக்கும் இடம் கொட்டை வகை. 2012இல் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் பாதாமைத் தின்னக் கொடுத்து இதே முறையில் அளந்தார்கள். 28 கிராமுக்குப் பட்டியல் சொல்வது 170 அளவில், உடம்புக்குக் கிடைத்தது 129. பல் உடைக்காத செல்சுவருக்குள் இருக்கும் எண்ணெய் அப்படியே வெளியேறிவிடுகிறது. பொதுவான எண்ணை எல்லாப் பண்டத்துக்கும் ஒட்டினால் இப்படி ஆகும். அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், சராசரி என்று சொல்வேன்.

கேள்வி (உடன்குடி): எங்க ஊர்க் கருப்பட்டியில சீனியவிடக் கலோரி பாதிதான்னு சொல்லுதாங்களே?

பதில்: பாதியெல்லாம் கிடையாது. கருப்பட்டியில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். கொஞ்சம் ஈரமும் தாது உப்பும் இருப்பதால் கிராமுக்குச் சற்றுக் குறையும், அவ்வளவே. மணத்துக்காகச் சாப்பிடுங்கள், அதற்கு ஈடு கிடையாது.

கேள்வி (சங்கரன்கோவில்): எனக்குச் சுகர் இருக்கு தம்பி. சோறை ஆறப்போட்டுப் பழையதாச் சாப்பிட்டாக் கலோரி பாதியாகுமாம். நான் எவ்வளவு சாப்பிடலாம்?

பதில்: எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும் அக்கா. சாப்பிட்டபின் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது கலோரியில் தெரியாது; 100 கிலோ கலோரி நெய்யும் 100 கிலோ கலோரி சோறும் ரத்தத்தில் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை.

சோறு ஆறினால் மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, சிறுகுடலில் செரிக்காததாக மாறுவது உண்மை. அந்தப் பங்கு பெருங்குடலுக்குப் போய்க் கிருமிகளால் புளிக்கிறது. அதிலிருந்தும் நமக்குக் கிராமுக்கு இரண்டு கிலோ கலோரி போலத் திரும்ப வரும். எனவே ஒரு கிராம் அப்படி மாறினால் மிச்சமாவது இரண்டுதான். நூறு கிராம் மாவுச்சத்தில் ஐந்து கிராம் மாறினால், 400 இல் குறைவது பத்து. பாதி என்பது நடக்காது.

மறுகேள்வி (அம்பாசமுத்திரத்துக்காரரே): எங்க வீட்டுல ராத்திரி முழுக்கத் தண்ணி ஊத்தி வச்சு நீத்தண்ணியைத் தனியாத்தான் குடிக்கோம். அப்பவும் பத்துதானா?

பதில்: நீத்தண்ணியில் கரைந்ததைச் சோற்றைச் சாப்பிடுபவர் குடிக்காமல் நீங்கள் குடித்தால், அவருக்குக் குறையும், உங்களுக்குக் கூடும். எத்தனை கிராம் கரைகிறது, எத்தனை புளிக்கிறது என்பது அரிசி, வடித்த பக்குவம், ஊறிய நேரம் எல்லாவற்றையும் பொறுத்தது. எல்லார் வீட்டுப் பழையதுக்கும் சேர்த்து ஒரே எண் சொல்ல முடியாது.

கேள்வி (பாளையங்கோட்டை மாணவர்): ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 பட்டியல்ல அரிசிக்கு 1,400க்கு மேல போட்டிருக்கே? 350ன்னுதானே படிச்சோம்?

பதில்: தலைப்பைப் பாருங்கள், அது கிலோ ஜூலில் இருக்கிறது. 4.184 ஆல் வகுத்தால் உங்கள் 350 பக்கம் வந்துவிடும்.