இரவு வேலையின் அறிக்கை ஸ்பேமுக்குப் போகிறதா?

கேள்வி: எங்கள் சர்வரில் தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸ் பேக்கப் ஓடி முடிந்ததும் ஐந்து பேருக்கு ரிப்போர்ட் மெயில் போகும். கொஞ்ச நாளாக அது எல்லோருக்குமே ஸ்பேமில் விழுந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மெயிலைச் சரிசெய்வதா, வாட்ஸ்அப்புக்கு மாறிவிடுவதா?

பதில்: மெயிலைச் சரிசெய்யுங்கள், ஆனால் எச்சரிக்கைக்கு அதை நம்பியிருக்காதீர்கள்.

ஸ்பேமில் கிடக்கும் மெயில் ஒன்றை ஜிமெயிலில் திறந்து `Show original` என்பதைச் சொடுக்குங்கள். மேலே `SPF` என்ற வரியில் `SOFTFAIL` அல்லது `FAIL` என்றிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. உங்கள் நிறுவன முகவரியின் பெயரில் சர்வரே நேரடியாக மெயில் அனுப்புகிறது; அந்தப் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற இயந்திரங்களின் பட்டியலில் உங்கள் சர்வர் இல்லை. இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது, பெறும் தரப்பு மெயிலை முறைப்படி ஏற்றுக்கொண்டு, பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஸ்பேமில் போட்டுவிடுகிறது என்பதுதான். அனுப்பிய சர்வரின் பதிவேட்டில் எல்லாம் வெற்றி என்றே இருக்கும்.

சர்வர் நேரடியாக அனுப்புவதை நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் மெயில் சேவையில் அறிக்கைக்கென ஒரு கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லுடன் 587ஆம் போர்ட் வழியே அதன் மூலம் அனுப்பச் செய்யுங்கள். பெரும்பாலும் இது போதும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அந்த ஐவரில் யாராவது தம் அலுவலக முகவரிக்கு வருவதைச் சொந்த முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும்படி அமைத்திருந்தால், இறுதியில் பெறும் தரப்புக்கு அதை அனுப்புவது நடுவிலுள்ள சர்வராகத் தெரியும். ஆகவே எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த `SPF` சோதனை தோற்கக்கூடும். அங்கே காப்பாற்றுவது மெயிலுக்குள்ளேயே இருக்கும் டிகேஐஎம் என்ற மின்கையெழுத்து. வழியில் உள்ளடக்கம் மாறாதவரை அது செல்லுபடியாகும். மெயில் சேவையின் நிர்வாகப் பக்கத்தில் அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திருப்பிவிடப்பட்ட மெயிலிலும் `DKIM` வரியில் `PASS` வருகிறதா என்று தனியே சோதியுங்கள்.

"இன்பாக்ஸ் உத்தரவாதம்" என்று விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். பெறும் தரப்பின் வடிகட்டியை வெளியாள் எவராலும் கட்டுப்படுத்த முடியாது. வாட்ஸ்அப் விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். முறையான வணிக வழியில், நீங்களாகத் தொடங்கும் செய்திக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புரு வேண்டும். அந்தச் சிரமமே இல்லை, உங்கள் எண்ணின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும் என்று சொல்லும் இடைத்தரகர், விதிக்குப் புறம்பான வழியைத்தான் விற்கிறார். உங்கள் எண் முடக்கப்படலாம். அந்தக் கணக்கின் உரையாடல்களும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

உங்கள் குழு நாள் முழுதும் திறந்து வைத்திருக்கும் அரட்டைச் செயலி எதுவோ, அதுவே சரியான வழி. அதில் தோல்விகளுக்கு மட்டும் ஒரு தனிக் குழு வையுங்கள். "வெற்றி" என்று தினமும் ஒரு செய்தி வந்துகொண்டிருந்தால் பத்து நாளில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். பிறகு அது வராமல் நின்ற நாளும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு நடந்ததும் இதுதான். அனுப்பியது ஸ்பேமில் விழுந்தது பாதிப் பிழை, வராததை ஒருவரும் தேடவில்லை என்பது மீதிப் பாதி.

சர்வரே அணைந்துவிட்டால் தோல்விச் செய்தியை அனுப்பக்கூட ஆள் இருக்காது. அதனால் மௌனத்தைக் கவனிக்கும் வேலையைச் சர்வருக்கு வெளியே வையுங்கள். healthchecks.io போன்ற சேவை இதைச் செய்கிறது. வேலை வெற்றியாக முடிந்தால் மட்டும் அதற்கு ஒரு சிக்னல் போகும். குறித்த நேரத்துக்குள் சிக்னல் வராவிட்டால் அதுவே உங்கள் அரட்டைக் குழுவில் எச்சரிக்கும். க்ரானில் எழுத வேண்டிய வரி இது. `UUID` உள்ள இடத்தில் அவர்கள் தரும் குறியீட்டை இடுங்கள்.

```
0 2 * * * /usr/local/bin/backup.sh && curl -fsS -m 10 --retry 3 https://hc-ping.com/UUID
```

இடைவெளியை ஒரு நாள் என்றும், பொறுத்திருக்கும் நேரத்தைப் பேக்கப் வழக்கமாக எடுக்கும் நேரத்தைவிடச் சற்று அதிகமாகவும் வையுங்கள்.

இந்த வரி ஸ்கிரிப்டின் சொல்லை நம்புகிறது. ஸ்கிரிப்டோ எளிதில் பொய் சொல்லும். கடைசி வரி `echo "done"` என்றிருந்தால், நடுவில் எது முறிந்தாலும் அது வெற்றி என்றே முடியும். `pg_dump mydb | gzip > db.gz` என்று எழுதியிருந்தால், முதல் பாதி தோற்றாலும் இரண்டாம் பாதி வெறும் 20 பைட் கோப்பை உருவாக்கிவிட்டு வெற்றி என்று சொல்லும். பாஷ் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் இதைச் சேருங்கள்:

```
set -eo pipefail
```

எல்லாம் அமைத்தபின், அந்த வரிக்கு அடுத்து `exit 1` என்று எழுதி, குழுவில் எவருக்கும் சொல்லாமல் ஓர் இரவு ஓடவிடுங்கள். காலையில் யாராவது தாமாக வந்து கேட்டால் வழி சரி. கேட்காவிட்டால் அந்த அரட்டைக் குழுவின் அறிவிப்பு ஒலியை யார் யார் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சோதனை முடிந்ததும் `exit 1` வரியை நீக்கிவிட்டு, அன்றே பேக்கப்பைக் கையால் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.