சந்தைக் கூலிக்கு மேல் ஏன் தருகிறேன்: தொழிலாளர்களிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: தையல் ஆலை நடத்துகிறேன், 100 பேர் வேலை பார்க்கிறார்கள். மற்ற ஆலைகளைவிட 20 சதவீதம் கூடுதலாக ஷிஃப்ட் சம்பளம் கொடுக்கிறேன். ஏன் என்று எல்லோரையும் கூட்டிவைத்துப் பேச வேண்டும். தர்மம் செய்கிற மாதிரியும் தெரியக்கூடாது, மிரட்டுகிற மாதிரியும் தெரியக்கூடாது. என்ன சொல்லட்டும்?

பதில்: கணக்கைச் சொல்லுங்கள் அம்மா. “இது தர்மம் இல்லை, இந்தப் பணத்தை நான் இந்த வழியில் திரும்ப எடுக்கிறேன்” என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் நம்புவார்கள். காரணம் தெரியாத கூடுதல் சம்பளம் எப்போது நிற்குமோ என்ற பயத்தைத்தான் கொடுக்கும்.

உங்கள் மொத்தச் செலவு 100 என்றும் அதில் கூலி 20 என்றும் வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் கூட்டினால் கூலி 24 ஆகும். அந்த 4 எங்கிருந்து வரும்? முன்பு மாதம் 8 பேர் நின்றுவிடுவார்கள், இப்போது 2 பேர்தான் என்றால் வருடத்துக்கு 72 புது ஆள் எடுக்கும் வேலை மிச்சம். புது டெய்லர் லைன் வேகத்தைப் பிடிக்க ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை பாதி வேலைதான் நடக்கும். சொல்லிக்கொடுப்பவரின் நேரத்தையும் சேர்த்தால் ஓர் ஆளுக்கு ஐந்து வாரக் கூலி போகும். இதில் மிச்சமாவது ஒன்றரைதான், நாலு இல்லை. மீதி, ரிஜெக்ட் நூற்றுக்கு 6லிருந்து 4 ஆகக் குறைவதிலும், சொல்லாமல் லீவு போட்டு லைன் நிற்காமல் இருப்பதிலும்தான் வர வேண்டும். உங்கள் ரெஜிஸ்டர் எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசப் போங்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இரண்டுதான். லீவு என்றால் முந்தின நாளே சொல்லுங்கள். தையல் விட்டுப்போன பீஸை பண்டிலுக்கு நடுவில் செருகாமல் எடுத்து வெளியே வையுங்கள். இரண்டாவதுதான் முக்கியம். “இந்தச் சம்பளத்துக்கு வெளியே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்” என்று ஒரு தடவை வாய்விட்டால் போதும், மறுநாளே கெட்ட பீஸ் எல்லாம் பண்டிலின் நடுவுக்குப் போய்விடும். வேலை போனால் இதே சம்பளம் வேறெங்கும் கிடைக்காது என்பது அவர்களுக்கே தெரியும். அதை நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டாம்.

இப்போது நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஹென்றி ஃபோர்டின் கார் ஆலையில் 1913இல் சுமார் 14,000 பேரை வைத்திருக்க ஒரே வருடத்தில் 50,000க்கும் மேல் ஆள் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் சம்பளத்தை 5 டாலராக, ஏறக்குறைய இரண்டு மடங்காக, உயர்த்துவதாக அறிவித்தார். ஆட்கள் நிலைத்தார்கள். ஆனால் அறிவித்த சில நாட்களிலேயே வேலை கேட்டு வாசலில் திரண்ட கூட்டத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கலைக்க வேண்டியதாயிற்று. எங்கே சம்பளம் கூடுதலோ அங்கே கூட்டம் வரும், கூட்டம் வந்தால் வேலையை விற்கிறவன் வருவான். ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரரும் சூப்பர்வைசரும் “உள்ளே சேர்த்துவிடுகிறேன், முதல் மூன்று மாதம் இவ்வளவு கொடு” என்று பேரம் பேசுவார்கள். நீங்கள் கொடுக்கும் அந்த 20 சதவீதம் அவர்கள் பைக்குப் போகும். டெய்லர் கையில் சந்தைக் கூலிதான் நிற்கும். அப்புறம் அவர் ஏன் நிலைப்பார், ஏன் பீஸை எடுத்து வெளியே வைப்பார்? சோதனைக்கு வருகிறவர்கள் பலரும் சம்பள ரெஜிஸ்டரைத்தான் புரட்டுகிறார்கள். கையெழுத்து சரியாக இருந்தால் போதும் அவர்களுக்கு! வாங்கியவரைத் தனியாகக் கூப்பிட்டு “உன் கைக்கு எவ்வளவு வந்தது” என்று அவர்கள் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். கூடுதல் தொகையை ஒப்பந்தக்காரர் வழியாகக் கொடுக்கவே வேண்டாம், நேராக அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். அதுவும் முழுக் காவல் இல்லை, ஏடிஎம் கார்டையே வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்: “இங்கே சேர யாருக்கும் பணம் தர வேண்டாம். கேட்டால் என்னிடம் வாருங்கள், உங்கள் வேலைக்கு நான் பொறுப்பு.”

பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவர்களுக்கு எண்ணிக்கைதான் சம்பளம். ரேட்டைக் கூட்டினால் சிலர் இன்னும் வேகமாகத் தைப்பார்கள், தையல் கோணும், ரிஜெக்ட் ஏறும். அவர்களுக்கான கூடுதலைத் தேறிய பீஸுக்கு மட்டும் கொடுங்கள். ஆனால் பீஸ் ரேட் ஆள் தனியாக உட்காராமல் லைனுக்கு நடுவில் இருந்து, அவர் நின்றால் அடுத்த ஐந்து பேரும் நிற்பார்கள் என்றால், அவரையும் ஷிஃப்ட் சம்பளத்துக்கே மாற்றிவிடுங்கள். அரைநாள் வராவிட்டாலும் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை, லைன் முழுவதற்கும். கூட்டத்துக்கு முன்பே யார் யார் அப்படி இருக்கிறார்கள் என்று லைன் வாரியாகக் குறித்துவைத்து, அவர்களிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.